புதுப்பிப்பு: விற்பனைப் பேரேட்டுக் கட்டுப்பாட்டுக் கணக்கில் ரூ. 15,200 வித்தியாசம் (தீர்ந்தது)

நான் கேட்டது: "சுன்னாகம் ஹாட்வெயார் கடைக் கணக்கு. கட்டுப்பாட்டுக் கணக்கு மீதி 486,500, வாடிக்கையாளர் மீதிகளின் கூட்டுத்தொகை 471,300. எங்கே தேட?"

பதில் போட்ட எல்லோருக்கும் நன்றி. வேலை செய்தது பெரியண்ணை சொன்ன வழிதான்: ஒவ்வொரு பிழையும் மொத்தத்தைத் தொட்டதா, தனி ஆளின் கணக்கைத் தொட்டதா என்று மட்டும் கேள்.

விற்பனை நாளேட்டில் ஒரு பக்கத்தின் கூட்டல் 9,000 கூடியிருந்தது. பில்கள் ஒவ்வொன்றாகப் பதியப்பட்டதால் தனிக் கணக்குகளில் பிழை இல்லை, கட்டுப்பாட்டுக் கணக்கு மட்டும் 477,500க்கு இறங்கியது. அப்புறம், எங்களிடம் பெயின்ட் வாங்கி எங்களுக்கே சீமெந்துக்கல் தருகிற ஒருவரின் 5,400ஐ இரு பேரேட்டிலும் கழித்தவர்கள், கட்டுப்பாட்டுக் கணக்குகளில் கழிக்கவில்லை. கழித்ததும் 472,100.

இன்னும் 800 உதைத்தது. வித்தியாசத்தை இரண்டால் வகுத்துத் தேடச் சொன்ன தம்பி பாதி சரி. 15,200இன் பாதியான 7,600 எங்கும் இல்லை, ஆனால் மற்ற இரண்டும் போன பிறகு 800இன் பாதி 400 உடனே அகப்பட்டது. ஒரு வாடிக்கையாளரின் வரவு மீதியைப் பட்டியலில் செலவு மீதியாகக் கழித்திருந்தார்கள். பட்டியலும் 472,100!

வங்கிக் கூற்றைப் பார்க்கச் சொன்ன அக்கா, அது காசேட்டுக்குத்தான், இங்கே பொருந்தவில்லை.

எதிர்பாராதது: அதே 5,400ஐக் கொள்வனவுக் கட்டுப்பாட்டுக் கணக்கிலும் கழித்த பிறகும் அங்கே 1,250 இடிக்கிறது. உட்திரும்பல், வெளித்திரும்பல் ஏடுகள் மாறிவிட்டனவோ என்று சந்தேகம், இன்னும் பார்க்கிறேன்.