நாளைய கடற்போர் இன்றைக்கே முடிவாகிவிட்டதா?

பொன்னி:
"நாளை கடற்போர் நடக்கும்" என்கிறார் ஒருவர், "நடக்காது" என்கிறார் இன்னொருவர். இரண்டில் ஒன்று இன்றைக்கே உண்மை என்றால், யார் என்ன செய்தும் அதை மாற்ற முடியாதே? அப்புறம் எதற்கு உட்கார்ந்து யோசித்து முடிவெடுக்கிறோம்?

செழியன்:
அரிஸ்டாட்டிலும் இதைத்தான் கேட்டார். எல்லாம் கட்டாயப்படிதான் நடக்கும் என்றால் கலந்தாலோசிப்பதே வீண் என்று எழுதியிருக்கிறார். என் பதில்: இரண்டு பேர் சொன்னதும் இன்றைக்கு உண்மையும் இல்லை, பொய்யும் இல்லை. போலந்துத் தருக்கவியலாளர் லூகாசியேவிச் 1920இல் மூன்றாவது மதிப்பு ஒன்றைக் கொண்டுவந்தார். உண்மைக்கு 1, பொய்க்கு 0, இன்னும் முடிவாகாததற்கு 1/2. நாளைய போருக்கு 1/2 போட்டுவிட்டால் சிக்கல் தீர்ந்தது.

முத்துவேல்:
எங்கள் வீட்டிலேயே இந்தச் சண்டை நடந்தது. அம்மாவுக்குப் பித்தப்பையில் கல். "ஆயுசு எழுதினபடிதான், எதற்குக் கத்தி வைக்கவேண்டும்" என்று பெரியப்பா பிடிவாதம் பிடித்தார். ஜாதகத்தையெல்லாம் எடுத்துவந்து பார்த்தார்கள். அதையும் மீறி ஆபரேஷன் செய்தோம், அம்மா நன்றாக இருக்கிறார். விதியை நம்புகிறவர்களிடம் என்ன சொல்லிப் புரியவைப்பது?

தமயந்தி:
முத்துவேல் ஐயா, பொன்னி கேட்பது ஜாதகத்தைப் பற்றியல்ல. எந்தக் கடவுளும் எழுதவில்லை, எந்தக் கிரகமும் தள்ளவில்லை, நாளை நடப்பது ஒருவருக்கும் முன்கூட்டித் தெரியாது என்று வைத்துக்கொண்டாலும் இந்தச் சிக்கல் வரும். ஒரு வாக்கியம் உண்மையாக இருப்பதிலிருந்தே வருகிறது.

ஆனால் உங்கள் பெரியப்பாவுக்குப் பழைய பதில் ஒன்று உண்டு. 'குணமாவது விதி என்றால், வைத்தியரைக் கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும் குணமாவாய்' என்ற வாதத்துக்கு அக்காலத்தில் சோம்பல் வாதம் என்றே பெயர். அதற்குப் பழைய கிரேக்கத் தத்துவவாதி கிறிசிப்பஸ் சொன்ன மறுப்பை ரோமானிய எழுத்தாளர் சிசரோ பதிவு செய்திருக்கிறார். 'ஒலிம்பியாவில் மைலோ மல்யுத்தம் செய்வான்' என்பது உண்மையாகவே இருக்கட்டும். எதிராளி வந்தாலும் வராவிட்டாலும் செய்வான் என்று சொல்ல முடியுமா? எதிராளியும் சேர்ந்துதான் விதிக்கப்பட்டிருக்கிறான். அப்படித்தான் வைத்தியரும். கிறிசிப்பஸ் விதியை முழுசாக நம்பியவர் என்பதைப் பெரியப்பாவிடம் சொல்லுங்கள்.

செழியன், அந்த 1/2 சிக்கலைத் தீர்க்கவில்லை. லூகாசியேவிச்சின் கணக்கில் 'அல்லது' வந்தால் இரண்டில் பெரிய மதிப்பு, 'மற்றும்' வந்தால் சிறிய மதிப்பு. 'போர் நடக்கும்' 1/2 என்றால் 'நடக்காது' என்பதும் 1/2. 'நடக்கும் அல்லது நடக்காது' என்று சேர்த்தாலும் 1/2தான். ஆனால் அந்த முழு வாக்கியம் கட்டாயம் என்று அரிஸ்டாட்டிலே அடித்துச் சொல்கிறார். இதைவிட மோசம், 'நடக்கும், கூடவே நடக்காது' என்பதற்கும் அதே 1/2 வருகிறது. அப்பட்டமான முரண்பாடு அது. அதற்குப் பூஜ்யம்தானே வரவேண்டும்?

செழியன்:
அந்தக் கணக்கை விட்டுவிடலாம், எண்ணத்தை விடவேண்டியதில்லை. தத்துவவாதி வான் ஃப்ராசன் 1966இல் காட்டிய வழியை நாளைய போருக்குப் பொருத்திப் பாருங்கள். இன்றிலிருந்து கிளை பிரியக்கூடிய எல்லா நாளைகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றிலும் சரியாக வருவது மட்டும் இன்றைக்கு உண்மை. 'நடக்கும் அல்லது நடக்காது' எல்லாக் கிளையிலும் சரி, அதனால் உண்மை. தனித்தனியாக எடுத்தால் இரண்டும் உண்மையில்லை. உங்கள் முரண்பாடு எல்லாக் கிளையிலும் பொய்யாகிவிடுகிறது.

பொன்னி:
'இது அல்லது அது' உண்மை, ஆனால் இதுவும் உண்மையில்லை, அதுவும் உண்மையில்லை. இதை எப்படி ஏற்பது?

தமயந்தி:
அந்த விலையைக் கொடுக்கவே வேண்டாம் என்பதுதான் என் கட்சி. கிரேக்கரும் பாரசீகரும் மோதிய சலாமிஸ் கடற்போரை எடுத்துக்கொள்வோம், கி.மு. 480. போருக்கு முந்தைய நாள் மாலை. கிரேக்கர் பக்கம், தென் கிரேக்கத்துப் பெலொப்பொனீசியத் தளபதிகள் பலருக்கு அங்கே நின்று போரிட விருப்பமில்லை, கொரிந்து நிலஇடுக்குப் பக்கம் பின்வாங்க நினைத்தார்கள். ஏதென்ஸ் தளபதி தெமிஸ்டோக்ளிஸ் தன் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட அடிமை சிக்கின்னஸைப் படகில் பாரசீகரிடம் அனுப்பி, 'கிரேக்கர் ஓடப் பார்க்கிறார்கள்' என்று சொல்லவைத்தார். பாரசீக மன்னர் செர்க்ஸஸின் கப்பல்கள் இரவோடிரவாக நீரிணையை அடைத்தன. மறுநாள் போர்.

அந்த மாலை ஒரு மாலுமி 'நாளை இங்கே போர்' என்று சொல்லியிருந்தால் அது உண்மைதான் என்கிறேன். ஏன் உண்மை? சிக்கின்னஸ் போகப்போகிறான், செர்க்ஸஸ் நம்பப்போகிறார், அதனால். அந்த வாக்கியம் யார் கையையும் பிடித்து இழுக்கவில்லை. ஒரு மனிதன் இருப்பதால்தான் 'அவன் இருக்கிறான்' என்பது உண்மையாகிறது, மறுதலையாக அல்ல என்று அரிஸ்டாட்டிலே இன்னோர் இடத்தில் சொல்கிறார். 'சொன்னது உண்மையென்றால் போர் நடக்கும்' என்பது கட்டாயம். ஆனால் 'சொன்னது உண்மையென்றால் போர் கட்டாயமாக நடக்கும்' என்பது வேறு கூற்று. கட்டாயத்தை முழு வாக்கியத்திலிருந்து எடுத்து அதன் பின்பாதிக்குள் வைப்பதில்தான் பொன்னியின் பயம் பிறக்கிறது.

இளம்பிறை:
இவ்வளவு சுலபமாக முடித்துவிடாதீர்கள். கட்டாயத்தை எங்கே வைப்பது என்ற பிழையே இல்லாமல் வாதத்தைத் திருப்பிச் சொல்கிறேன். போர் நடக்கிற நாள் காலையில் நின்று பாருங்கள். 'நேற்று அந்த வாக்கியம் உண்மையாக இருந்தது' என்பது கடந்துபோன விஷயம். கடந்ததை யாராலும் மாற்ற முடியாது. மாற்ற முடியாத ஒன்றிலிருந்து கட்டாயமாகப் பின்தொடர்வதும் மாற்ற முடியாததுதான். ஆகவே போரைத் தவிர்க்க முடியாது. கிரேக்கத் தருக்கவியலாளர் டியோடோரஸ் குரோனஸ் அன்று கட்டிய வாதத்துக்கும் கடந்ததன் கட்டாயம்தான் அடிக்கல். 'நேற்று' என்ற இடத்தில் பத்தாயிரம் வருஷத்துக்கு முன் என்று போட்டாலும் வாதம் நிற்கும், அரிஸ்டாட்டில் அந்த எண்ணையே போட்டிருக்கிறார். இதில் எந்தப் படி தப்பு?

தமயந்தி:
'கடந்ததை மாற்ற முடியாது' என்ற படிதான். 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயத் தத்துவவாதி ஓக்காம் பிரித்துக் காட்டியது இது. 'நேற்று மழை பெய்தது' என்பது நேற்றோடு முடிந்த விஷயம். 'நாளை போர் என்பது நேற்று உண்மையாக இருந்தது' என்பதற்குச் சொல் மட்டும்தான் இறந்தகாலம், சரக்கெல்லாம் இன்றைக்கு நடப்பதில் இருக்கிறது. சிக்கின்னஸ் படகேறாமல் இருந்திருந்தால் எந்தப் பழைய நிகழ்வும் அழிந்திருக்காது, மாலுமி சொன்னது பொய்யாக இருந்திருக்கும், அவ்வளவுதான்.

இளம்பிறை:
எது நிஜமான இறந்தகாலம், எது சொல்லளவில் இறந்தகாலம் என்று எதை வைத்துப் பிரிக்கிறீர்கள்? 'எதிர்காலத்தைச் சார்ந்திருப்பது மாற்றக்கூடியது' என்றால், எதிர்காலம் இன்னும் திறந்திருக்கிறது என்று முதலிலேயே வைத்துக்கொள்கிறீர்கள். வாதமே அதைப் பற்றித்தானே?

தமயந்தி:
பாதி ஒத்துக்கொள்கிறேன். திறந்திருக்கிறது என்று என்னால் நிறுவ முடியாது. மூடியிருக்கிறது என்பதை ஒரு வாக்கியத்தின் உண்மையை மட்டும் வைத்து உங்களாலும் நிறுவ முடியாது. சலாமிஸில் எதிர்காலம் மூடியிருந்தது என்று காட்ட வேறு காரணம் வேண்டும். அது இயற்பியலிலிருந்து வரலாம், தருக்கத்திலிருந்து வராது.

செழியன்:
தமயந்தி சொல்வதில் ஒன்று எனக்கு உறுத்துகிறது. அந்த மாலை பல கிளைகள் திறந்திருந்தால், எந்தக் கிளையைக் காட்டி மாலுமியின் வாக்கியம் உண்மை என்கிறீர்கள்? அன்றைக்கு உலகத்தில் இருந்த எதுவும் ஒரு கிளையைத் தனியாக அடையாளம் காட்டவில்லையே.

தமயந்தி:
நடக்கப்போகிற கிளையைக் காட்டி. மாலுமி பந்தயம் கட்டியிருந்தால் மறுநாள் காசு அவனுக்குத்தான் போகும். 'நீ நேற்று சொன்னது சரி' என்றுதானே கொடுப்பார்கள்? 'நேற்று சரியும் இல்லை தப்பும் இல்லை, இன்றைக்குச் சரியாகிவிட்டது' என்று யாரும் சொல்வதில்லை.

செழியன்:
இரண்டையும் வைத்துக்கொள்ள தத்துவவாதி மெக்ஃபார்லேன் 2003இல் வழி சொன்னார். அன்று மாலை நின்று மதிப்பிட்டால் உண்மையும் இல்லை, பொய்யும் இல்லை. போருக்குப் பின் நின்று அதே கூற்றை மதிப்பிட்டால் அப்போதே உண்மை.

பொன்னி:
ஒரே மாலுமி, ஒரே வாக்கியம், ஒரே மாலை, இரண்டு பதில். இதற்கு 'அல்லது' சமாச்சாரமே தேவலாம் போலிருக்கிறது. இளம்பிறை கேட்டதற்கும் எனக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை.