பொருள்: மெழுகு வார்ப்பில் 'ஷ்ரிங்கேஜ் அலவன்ஸ்', தமிழில் என்ன? (வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது)

கோமதி (மதுரை):

குழுவினருக்கு வணக்கம். மகளிர் குழுக்களுக்கு மெழுகுவர்த்தி வார்க்கும் பயிற்சி நடக்கிறது. அதற்கான கையேட்டை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு இடத்தில் நிற்கிறது. அச்சில் தண்ணீர் நிரப்பி அளந்துகொள், அந்த மில்லி கணக்கை 0.9 ஆல் பெருக்கு, வந்ததோடு 10 சதவீதம் 'ஷ்ரிங்கேஜ் அலவன்ஸ்' சேர் என்கிறது மூலம். 'சுருக்கப் படி' என்று போட்டேன். பயணப்படி, பஞ்சப்படி மாதிரி இருக்கிறது என்று பயிற்சியாளரே சிரித்துவிட்டார். 'சுருக்க ஈடு' சரியா? வியாழன் இரவுக்குள் முடிவு வேண்டும்.

அறவாழி:

அம்மா, முதலில் 'மெழுகுவர்த்தி'யை விடுங்கள். வர்த்தி வடசொல். திரி இருக்க வர்த்தி எதற்கு? மெழுகுதிரி என்றே எழுதலாம்.

'சுருக்கம்' என்றால் இன்றைய வாசகர் கதைச்சுருக்கத்தைத்தான் நினைப்பார். சுரி என்ற அடியிலிருந்து 'சுரிவு' என்று ஆக்கலாம். சுரிதல் சுருளுதலையும் குறிக்கும், சுருங்குதலையும் குறிக்கும். சுரிகுழல், சுரிமுகச் சங்கு எல்லாம் அதே குடும்பம்தான். நடுவில் பள்ளம் விழுந்து சுழித்துக்கொள்ளும் மெழுகுக்கு இதைவிடப் பொருத்தமான வேர் கிடைக்காது. 'சுரிவீடு' என்று முடித்துவிடலாம்.

சிவதாசன் (யாழ்ப்பாணம்):

இஞ்சை நாங்கள் எப்பவும் மெழுகுதிரி எண்டுதான் சொல்லுறது, அதிலை சண்டை இல்லை. ஆனால் 'சுரிவீடு' எண்டால் வாடகைக்கு விடுற வீடு எண்டு நினைப்பினம், ஐயா.

மீனாட்சிசுந்தரம்:

மெழுகு வார்ப்பு என்றதும் ஆசையாக ஓடி வந்தேன். சுவாமிமலையில் இந்தக் கணக்கு காலங்காலமாக இருக்கிறது. தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உரு செய்வார்கள், மேலே வண்டல் மண் பூசிச் சுடுவார்கள், மெழுகு வடிந்த இடத்தில் உலோகம் ஊற்றுவார்கள். உருவின் மெழுகை நிறுத்தாலே எவ்வளவு வெண்கலம் உருக்க வேண்டும் என்று தெரிந்துவிடும், ஏறக்குறைய ஒன்பது மடங்கு. சிற்ப நூல்களில் இந்த முறைக்கு மதூச்சிட்டவிதானம் என்று பெயர். மதூச்சிட்டம் என்றால் தேனின் எச்சில், அதாவது தேன் எடுத்தபின் மிஞ்சும் மெழுகு. கோமதி எந்த உலோகம் ஊற்றப்போகிறார் என்று சொன்னால் கணக்குப் போட்டுத் தருகிறேன்.

கோமதி:

உலோகமே கிடையாது ஐயா. மெழுகையே ஊற்றி மெழுகுவர்த்தி எடுக்கிறார்கள். தேனின் எச்சிலைக் குறித்துக்கொண்டேன்.

கார்த்திக்:

எளிமையாகப் பார்ப்போம். உருகிய பாரஃபின் உறையும்போது 14 சதவீதம் போலச் சுருங்கும். அதனால் 14 சதவீதம் கூட்டி ஊற்ற வேண்டும், அவ்வளவுதான். 'கூடுதல் மெழுகு' என்று எழுதிவிட்டுப் போகலாம். கலைச்சொல்லே தேவையில்லை.

தவமணி:

சமையலில் குழம்பு சுண்டும் என்கிறோமே, 'சுண்டல் ஈடு' என்று சொன்னால் எல்லாப் பெண்களுக்கும் புரியும்.

சூசை:

நான் கோயில்களுக்கும் கடைகளுக்கும் மெழுகுவர்த்தி வார்த்துக் கொடுக்கிறவன். தமிழ் இலக்கணம் எனக்கு அரைகுறை. ஆனால் நீங்கள் எல்லாரும் சொல் தேடுகிற இடமே தப்பு என்று படுகிறது.

ஒரு அச்சை எடுத்துக்கொள்வோம். தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் 600 மில்லி. குளிர்ந்து கட்டியான பாரஃபின் ஒரு மில்லிக்கு 0.9 கிராம். 600 × 0.9 = 540 கிராம். இந்த 0.9 கட்டி மெழுகின் எண். சுருங்கி முடித்த பிறகு அச்சு நிறைய இருக்க வேண்டிய எடையே அதுதான். சுருக்கம் அதற்குள் ஏற்கெனவே அடங்கிவிட்டது. அதன்மேல் இன்னும் 10 சதவீதம் சுருக்கத்துக்கு என்று சேர்ப்பது, ஒரே கடனுக்கு இரண்டு தடவை வட்டி கட்டுவது போல. கன அளவு சுருங்கும், எடை சுருங்காது. தவமணி அக்கா கோபிக்கக் கூடாது, சுண்டினால் எடையும் போய்விடும். இங்கே ஒரு கிராமும் ஆவியாகப் போவதில்லை.

இப்போது ஊற்றும் நேரத்துக்கு வாருங்கள். 80 டிகிரியில் அதே மெழுகு மில்லிக்கு 0.77 கிராம்தான் இருக்கும். அச்சின் வாய் வரை ஊற்றினாலும் 462 கிராம்தான் பிடிக்கும். பாத்திரத்தில் 540 உருக்கி வைத்திருக்கிற பெண், 'மிச்சம் 78 கிராம் ஏன் நிற்கிறது, கணக்குத் தப்போ?' என்று முழிப்பார். தப்பில்லை. குளிரக் குளிரத் திரியைச் சுற்றி விழுகிற பள்ளத்துக்கு உரியது அந்த 78 கிராம். எங்கள் பட்டறையில் அதற்கு 'ரெண்டாம் ஊத்து' என்று பெயர். பேர் வைக்கவேண்டியது அதற்குத்தான்.

அந்தப் 10 சதவீதத்தில் ஒரு பங்கு உண்மை உண்டு. பாத்திரத்தில் ஒட்டுவது, திரி ஓட்டையில் கசிவது, சிந்துவது எல்லாம் சேர்ந்து எனக்கு ஐந்து சதவீதம் போகும். அதற்கு சேதாரம் என்று நகைக்கடைச் சொல்லே இருக்கிறது.

கோமதி:

சூசை அண்ணா, அப்படியானால் மூலமே தப்பா? நான் மொழிபெயர்ப்பாளர்தான், திருத்த எனக்கு உரிமை கிடையாது. பயிற்சியாளரிடம் கேட்கிறேன். ஆனால் இரண்டாம் ஊத்தை எப்போது ஊற்றுவது? கையேட்டில் 'குளிர்ந்ததும்' என்று ஒற்றைச் சொல்தான் இருக்கிறது.

சூசை:

அந்த ஒற்றைச் சொல்தான் ஆபத்து. முழுக்கக் குளிர்ந்தபின் ஊற்றினால் புது மெழுகு பழையதோடு ஒட்டாது. அச்சிலிருந்து எடுக்கும்போது அடிப்பக்கம் ஒரு தட்டு மாதிரி தனியாகக் கழன்று வரும். சீக்கிரம் ஊற்றினாலோ, அதுவும் சேர்ந்தே சுருங்கித் திரும்பப் பள்ளம் விழும். மேலே ஏடு கட்டி, அச்சின் வெளிப்பக்கம் கைபொறுக்கும் சூட்டுக்கு வரும்போது, திரிக்குப் பக்கத்தில் ஒரு கம்பியால் இரண்டு மூன்று இடத்தில் குத்திவிட வேண்டும். குத்தாவிட்டால் ஏட்டுக்கு அடியில் பொந்து மறைந்திருக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. அப்புறம் முதல் ஊற்றைவிட ஐந்து டிகிரி கூடச் சூடாக மெழுகை ஊற்றி நிரப்பலாம். ஆனால் முதல் ஊற்றின் கோட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் மெழுகுக்கும் அச்சுச் சுவருக்கும் நடுவே இறங்கி ஒட்டிக்கொள்ளும், பிறகு எடுப்பது பெரும்பாடு.

பொந்து இருக்கிறதா என்று பார்க்க அறுக்க வேண்டாம், நிறுத்தால் போதும். இந்த அச்சில் வந்தது 525 கிராம் பக்கம் இருந்தால் சரி. 470, 480 என்று நின்றால் உள்ளே காலி. எரியும்போது சுடர் அந்தப் பொந்தில் இறங்கி முங்கிப்போகும்.

கார்த்திக்:

540 என்றீர்கள், இப்போது 525 என்கிறீர்கள்?

சூசை:

சுவரிலிருந்து விலகுகிறதே தம்பி. 75 மில்லிமீட்டர் குறுக்களவில் ஒரு மில்லிமீட்டர் உள்வாங்கினாலே இரண்டரை சதவீதம் போய்விடும். அந்த இடத்தை நாம் நிரப்புவதில்லை. அது விலகுவதால்தான் மெழுகுவர்த்தி அச்சிலிருந்து கழன்று வருகிறது.

கார்த்திக்:

அப்போது 462-ஓடு 14 சதவீதம் சேர்த்தால் 527. என் கணக்கு சரியாகத்தானே வந்தது!

சூசை:

விடை பக்கத்தில் வந்தது, வழி அதுவல்ல. 14 சதவீதம் என்பது உருகியதில் குறைகிறது. திரும்ப நிரப்ப வேண்டுமென்றால் 462-க்கு 78, அதாவது 17 சதவீதம் ஆகிறது. சுவர் விலகல் குறுக்கே வந்து உங்களைக் காப்பாற்றியது. ஸ்டீரிக் ஆசிட் கலந்தாலோ வேறு மெழுகு போட்டாலோ அந்த விலகலும் மாறும், உங்கள் கணக்கும் கைவிட்டுவிடும்.

அறவாழி:

சூசை அவர்கள் சொன்னதைக் கேட்டு இரவெல்லாம் யோசித்தேன். எடை அதே, அளவு மட்டும் குறைகிறது என்கிறார். இதற்குச் சொல் நம் இலக்கணத்திலேயே இருக்கிறதே! ஐகாரக் குறுக்கத்தில் எழுத்து அதே எழுத்துதான், மாத்திரை மட்டும் குறைகிறது. மகரக் குறுக்கம், ஆய்தக் குறுக்கம் எல்லாம் அப்படித்தான். 'சுரிவீடு' என்பதை விட்டுவிட்டேன். உறையும்போது நடப்பது 'குறுக்கம்', அதை நிரப்பும் மெழுகு 'குறுக்கநிரவு'. சுண்டல், வற்றல் எல்லாம் பொருள் இழப்பு. இது இழப்பில்லாக் குறைவு.

தவமணி:

எங்கள் ஊர்ப் பக்கம் குறுக்கம் என்றால் நில அளவு ஐயா. 'ஒரு குறுக்கம் மெழுகு' என்று படித்தால் பட்டா கேட்பார்கள்.

சிவதாசன்:

குறுக்கம் நல்ல சொல். பல்கலைக்கழகத்திலை ஓடும். ஆனால் அடுப்படியிலை நிண்டு வார்க்கிற பிள்ளையளுக்கு?

மீனாட்சிசுந்தரம்:

'மேலூற்று' எப்படி? முதலூற்று, மேலூற்று. இரண்டுமே ஊற்றும் செயலைச் சொல்கின்றன.

அறவாழி:

ஊற்று என்றால் நீரூற்று. பெயர்ச்சொல்லாகத் தனியே நிற்கும்போது மண்ணிலிருந்து பொங்குவதையே அது குறிக்கும். தொழிற்பெயர் வேண்டுமென்றால் 'ஊற்றல்' என்று எழுத வேண்டும். மேலூற்றல். எனக்கு அதுவும் நிறைவில்லை.

சிவதாசன்:

நான் தேன்மெழுகிலை வார்க்கிறனான். மில்லிக்கு 0.96 எண்டு போட்டுக் கணக்குப் பாக்கிறன். சோயா மெழுகுக்கு ரெண்டாம் ஊத்தே வேண்டாம் எண்டு சிலர் சொல்லினம், சூசை அண்ணை என்ன சொல்லுறியள்?

சூசை:

குப்பியில் வார்க்கிற சோயாவுக்குப் பெரும்பாலும் ஒரே ஊற்று போதும். பள்ளம் சிறிதாக விழும், மேலே சூடு காட்டினால் சமமாகிவிடும். அச்சில் வார்த்து எடுக்கிற சோயா எனக்குப் பழக்கமில்லை.

கோமதி (வியாழன் இரவு):

பயிற்சியாளர் ஒப்புக்கொண்டுவிட்டார். 10 சதவீதத்தை 5 ஆக்கி 'சேதாரம்' என்று போட்டாயிற்று. 'முதல் ஊற்று', 'இரண்டாம் ஊற்று' என்று எழுதி, இரண்டுக்கும் கிராம் கணக்கைத் தனித்தனி வரியில் கொடுத்திருக்கிறேன். ஏடு கட்டும் நிலை, குத்திவிடுவது, கோட்டைத் தாண்டாமை மூன்றும் சேர்ந்துவிட்டன. 'குறுக்கம்' அடிக்குறிப்பில் மட்டும் வருகிறது. அட்டையில் மெழுகுவர்த்தி என்றே இருக்கிறது, அதை மாற்ற அச்சகம் மறுத்துவிட்டது.

அறவாழி:

என் மறுப்பைப் பதிவு செய்யுங்கள். 'இரண்டாம் ஊற்றல்'. அடுத்த பதிப்பிலாவது அந்த லகர மெய்யைச் சேருங்கள்.