சொத்துவரி டி.சி.பி.: மார்ச் 31 நிலுவையும் ஏப்ரல் 1 நிலுவையும் ஒத்துப்போகவில்லை, எங்கே தேடுவது?

ராயபுரம்_ஆர்ட்டிகிள்:
வணக்கம். ராயபுரத்தில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் பயிற்சியில் இருக்கிறேன். வடசென்னையைத் தாண்டி இருக்கும் ஒரு நகராட்சியின் சொத்துவரிக் கேட்பு, வசூல், நிலுவைப் பதிவேட்டைப் பார்க்கும் வேலை எனக்கு வந்திருக்கிறது. பெயர் வேண்டாம்.

2023-24 பதிவேட்டின் இறுதி நிலுவை ரூ.41,86,400. 2024-25 பதிவேட்டின் தொடக்க நிலுவை ரூ.43,12,900. ஒரே இரவில் ரூ.1,26,500 ஏறியிருக்கிறது. வருவாய்ப் பிரிவில் கேட்டால், "சாஃப்ட்வேர் அப்படித்தான் எடுக்கும் தம்பி" என்கிறார்கள். 31.3.2024, 1.4.2024 இரண்டுக்கும் வரிவிதிப்பு எண் வாரியான பட்டியல் எக்செல்லில் கிடைத்திருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

பிரகாஷ்_சிஏ:
இது பெரும்பாலும் கட்-ஆஃப் பிரச்சினைதான் ப்ரோ. மார்ச் கடைசி இரண்டு நாள் ஆன்லைனில் கட்டியது ஏப்ரலில்தான் பேங்குக்கு வரும். வசூலை பேங்க் ஸ்டேட்மென்ட்டோடு ஒத்துப் பார், வித்தியாசம் அங்கேயே கிடைத்துவிடும். எண் வாரியாகப் பார்க்க வேண்டுமென்றால் ஒரு VLOOKUP போடு, அரை மணி நேர வேலை.

கொருக்குப்பேட்டை_வாசி:
நல்ல நேரத்தில் கேட்டீர்கள். நான் வருஷம் தவறாமல் கட்டுகிறேன், ரசீது எல்லாம் இருக்கிறது. மாடி கட்டிய பிறகு புது நம்பர் கொடுத்தார்கள். நானோ பழைய நம்பரில் ஆன்லைனில் கட்டிவிட்டேன். இப்போது பில் கலெக்டர் வந்து பாக்கி என்கிறார். இதற்கு யாரிடம் மனு கொடுக்க வேண்டும்?

வசந்தா_ஓய்வு:
உள்ளாட்சித் தணிக்கையில் இருந்து ஓய்வு பெற்றவள். பிரகாஷ் சொல்வது பார்க்க வேண்டிய விஷயம்தான், ஆனால் இங்கே திசை பொருந்தவில்லை. மார்ச்சில் கட்டிய பணம் பட்டியல் எடுத்த பிறகு பதிவாகியிருந்தால், ஏப்ரல் 1 நிலுவை குறைந்திருக்க வேண்டும். உங்களுக்கோ கூடியிருக்கிறது. அதனால் வித்தியாசத்தைத் தேடுவதற்கு முன்னால் அது எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள், பாதி காரணங்கள் அங்கேயே விழுந்துவிடும்.

கூடினால் நான் முதலில் சந்தேகப்படுவது மைனஸ் இருப்புகளை. முன்பணமாகக் கட்டியவர்கள், கூடுதலாகக் கட்டியவர்கள், எண் மாற்றிக் கட்டியவர்கள் எல்லோருடைய கணக்கும் மைனஸில் நிற்கும். மார்ச் சுருக்கத்தில் அந்த மைனஸைக் கழித்து நிகரத் தொகை காட்டியிருப்பார்கள். புது ஆண்டைத் திறக்கும்போது மைனஸ் எல்லாம் முன்பணம் என்ற தனி இடத்துக்குப் போய்விடும். பிளஸ் மட்டும் நிலுவையாக நிற்கும். யாரும் எதுவும் செய்யாமலே நிலுவை ஏறிவிடும். மார்ச் பட்டியலில் பிளஸ் தனியாக, மைனஸ் தனியாகக் கூட்டிச் சொல்லுங்கள்.

கொருக்குப்பேட்டை ஐயா, பழைய எண்ணின் ரசீதுகளை வைத்து, புது எண்ணுக்கு வரவு மாற்றித் தரும்படி உங்கள் பகுதி வருவாய் அலுவலரிடம் மனு கொடுங்கள். ராயபுரம் தம்பி, உங்கள் பட்டியலிலும் இந்த மாதிரி இருக்கும். பழைய எண்ணில் மைனஸ், புது எண்ணில் பாக்கி. நிகரத் தொகையில் இரண்டும் கண்ணுக்கே தெரியாது.

ராயபுரம்_ஆர்ட்டிகிள்:
மேடம், மைனஸ் மட்டும் ரூ.94,300. ஏப்ரல் பட்டியலில் மைனஸே இல்லை. மீதி ரூ.32,200. VLOOKUP போட்டதில் நூற்றுக்கணக்கான எண்கள் வித்தியாசம் காட்டுகின்றன, எல்லாம் தப்பு மாதிரி இருக்கிறது.

வசந்தா_ஓய்வு:
பட்டியலில் ஒரு வீட்டுக்கு எத்தனை வரிசை இருக்கிறது? சொத்துவரி அரையாண்டுக் கணக்கு. ஏப்ரல்-செப்டம்பர், அக்டோபர்-மார்ச் தனித்தனி வரிசையாக இருந்தால் VLOOKUP முதல் வரிசையை மட்டும் எடுத்துக்கொண்டு நின்றுவிடும். இரண்டு பட்டியலின் எண்களையும் ஒன்றாகச் சேர்த்து, இரட்டிப்பை நீக்கி, மூன்றாவது தாளில் A பத்தியில் வையுங்கள். CB மார்ச், OB ஏப்ரல், தொகை C பத்தியில் என்றால்:

```
=SUMIFS(OB!C:C,OB!A:A,A2)-SUMIFS(CB!C:C,CB!A:A,A2)
```

ஒரு பட்டியலில் மட்டும் இருக்கும் எண்ணும் இதில் தப்பாது. எண்களின் முன்னால் வரும் பூஜ்ஜியம் ஒரு தாளில் காணாமல் போயிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். போயிருந்தால் ஒரே வீடு இரண்டாகத் தெரியும்.

ரூ.32,200-க்குக் காரணம் கிடைத்தவுடன் நிறுத்திவிடாதீர்கள். அது நிகரம். ஏறியது ஒரு பக்கம், காணாமல் போனது ஒரு பக்கம். எனக்கு இரண்டாவதில்தான் அக்கறை. மார்ச்சில் பாக்கி இருந்து ஏப்ரலில் இல்லாமல் போன ஒவ்வொரு எண்ணுக்கும் ஆணை கேளுங்கள். வரித் திருத்தமா, தள்ளுபடியா, யார் கையெழுத்து, என்ன தேதி.

பிரகாஷ்_சிஏ:
சரி, SUMIFS விஷயம் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மீதி சின்னத் தொகை என்றால் ஒரு சரிக்கட்டும் பதிவு போட்டு முடித்துவிடலாமே? மெட்டீரியாலிட்டி என்று ஒன்று இருக்கிறது.

வசந்தா_ஓய்வு:
நிலுவை என்பது ஒரு மொத்தத் தொகை இல்லை, ஒவ்வொரு வீட்டுக்காரர் மீதும் இருக்கும் கேட்பு. எந்த எண்ணில் போடுவீர்கள் அந்தப் பதிவை? வேண்டுமானால் காரணம் தெரியாத வித்தியாசம் என்று அறிக்கையில் எழுதலாம். பதிவேட்டைத் திருத்துவது தணிக்கையாளர் வேலை இல்லை.

ராயபுரம்_ஆர்ட்டிகிள்:
முடித்துவிட்டேன். கிடைத்தது இதுதான்.

மைனஸ் நீங்கியதால் ஏறியது ரூ.94,300. ஏப்ரலில் மட்டும் இருக்கும் புது எண்களில் ரூ.40,400. இவை மே மாதம் வரி விதித்து, முந்தைய அரையாண்டுகளில் இருந்தே கணக்கிட்டவை. நடப்புக் கேட்பில் சேர்க்கும் கூடுதலாகக் காட்டாமல் நேராகத் தொடக்க நிலுவையில் நுழைத்திருக்கிறார்கள். அப்புறம் ஒரு காசோலை ரூ.7,250. மார்ச்சில் வரவு வைத்து, ஏப்ரலில் திரும்பி வந்தது. அதையும் ஏப்ரல் 1-லேயே பாக்கியாகத் திறந்திருக்கிறார்கள்.

காணாமல் போனது நான்கு எண்கள், ரூ.18,600. இரண்டு வீடுகளை ஒன்றாக்கிப் புது எண் கொடுத்ததில் பழைய பாக்கி ரூ.11,200 புது எண்ணுக்கு வரவில்லை. மற்ற இரண்டு எண்கள், ரூ.7,400, எந்த ஆணையும் காட்டவில்லை. "பார்த்துச் சொல்கிறோம்" என்கிறார்கள். எல்லாம் போட்ட பிறகும் ரூ.3,150 எங்கே என்று தெரியவில்லை. வித்தியாசம் சின்னச் சின்னதாகப் பல எண்களில் சிதறிக் கிடக்கிறது.

வசந்தா_ஓய்வு:
மே மாத வரிவிதிப்பு தொடக்க நிலுவையில் வந்தது அறிக்கையில் எழுத நல்ல பத்தி. தொடக்க நிலுவை என்பது மார்ச் 31 அன்று இருந்தது, அதற்குப் பிறகு தொடக்கூடாது. அப்படிச் செய்தால் அந்த ஆண்டின் கேட்பு குறைந்து, நடப்பு வசூல் சதவீதம் அழகாகத் தெரியும். வேண்டுமென்றே செய்தார்களா, தெரியாமல் செய்தார்களா என்பது நீங்கள் எழுத வேண்டியதில்லை. எண், தொகை, பதிவான தேதி மட்டும் எழுதுங்கள்.

ரூ.7,400 தனித் தணிக்கைத் தடையாகவே போகட்டும், தொகை சின்னது என்று மற்றதோடு சேர்க்காதீர்கள். ரூ.11,200-ஐயும் விடாதீர்கள், இணைத்த கோப்பில் பழைய பாக்கியைப் பற்றி ஒரு குறிப்பு இருக்க வேண்டும். ரூ.3,150 சிதறிக் கிடக்கிறது என்றால் ஊக்கத்தொகையா என்று பார்த்தீர்களா? அரையாண்டின் முதல் 30 நாளில் கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் ரூ.5,000 தள்ளுபடி உண்டு. அந்தத் தள்ளுபடியைக் கழிக்காமல் கேட்பை முழுதாக வைத்திருந்தால் எல்லோருக்கும் சின்னச் சின்னதாகப் பாக்கி நிற்கும்.

ராயபுரம்_ஆர்ட்டிகிள்:
சில எண்களில் சரியாக 5 சதவீதம் வருகிறது, சிலவற்றில் வரவில்லை. நாளை வசூல் ரசீதுத் தேதியோடு ஒத்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

கொருக்குப்பேட்டை_வாசி:
மனு கொடுத்தேன். ரசீதின் நகல் வாங்கிக்கொண்டு அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். அதுவரை புது நம்பரில் வட்டி ஏறுமா மேடம்?