அத்தான்ர கடையைப் பற்றி நான் எழுதலாமோ?

நண்டுக்கால்: அக்காவின்ர கணவர் உப்புவெளியில சாப்பாட்டுக்கடை திறந்து மூண்டு கிழமை. நான் எங்கட ஊர்ச் சாப்பாட்டுக்கடைகளைப் பற்றி முகநூலில எழுதுறவன். அங்க நண்டுக்கறி உண்மையிலேயே நல்லா இருக்கு. சொந்தம் எண்டு சொல்லி எழுதினா நம்பமாட்டினம், சொல்லாம எழுத மனம் கேக்குதில்லை. இதுக்குள்ள அக்கா, குடும்பத்தில எல்லாரும் கூகிள் மேப்பில அஞ்சு நட்சத்திரம் போடுங்கோ எண்டு நிக்கிறா. என்ன செய்யலாம்?

கோணமலையான்: எழுதுங்கோ, சொந்தக்கதை எதுக்கு? இந்த ஊரில ஆர் ஆருக்குச் சொந்தமில்லை? டொக்யார்ட் வீதியில ஒரு கடைக்குள்ள போனா கல்லாவில இருக்கிறவர் என்ர பெரியம்மாவின்ர சம்பந்தி. இதெல்லாம் சொல்லத் தொடங்கினா கறியைப் பற்றி எழுத இடமிராது.

நிலாவெளி ராசாத்தி: கோணமலையான் அண்ணா சொல்றதில பாதி சரி. பெரியம்மாவின்ர சம்பந்தியின்ர கடை ஓடினாலும் மூடினாலும் உங்கட வீட்டில ஒண்டும் மாறாது, அதைச் சொல்லத் தேவையில்லை. அக்காவின்ர வீட்டு அடுப்பு எரியுற கடை வேற. நான் ஒரு விடுதியில வரவேற்பு மேசையில இருந்தவள். விருந்தாளிகள் எழுதுற விமர்சனங்களுக்குப் பதில் எழுதினதும் நான்தான். சொந்தம் கிட்டவோ தூரமோ எண்டு நான் பார்க்கிறேல்லை. இந்த விசயம் தெரிஞ்சா வாசிக்கிற ஆள் உங்கட பாராட்டைக் கொஞ்சம் குறைச்சு எடுப்பாரோ எண்டுதான் பார்க்கிறது. தம்பி, ரெண்டு கேள்வி. சாப்பிட்டதுக்குக் காசு குடுத்தனீங்களோ? கடைக்குள்ள உங்கட காசு ஏதும் கிடக்கோ?

நண்டுக்கால்: காசை நீட்டினனான், அத்தான் திருப்பிச் சட்டைப்பையிலேயே திணிச்சுப்போட்டார். கடைக்குக் கைமாத்தா எண்பதினாயிரம் குடுத்தனான். திரும்பி வரேக்கை வரட்டும்.

நிலாவெளி ராசாத்தி: அப்ப "உறவினர்" எண்ட ஒரு சொல்லு காணாது. அக்காவின்ர கணவர், காசு குடுக்காமச் சாப்பிட்டது, கடன் குடுத்தது, மூண்டையும் எழுதவேணும். அதுவும் முதல் வரியிலேயே. முகநூலில நீளமான பதிவெண்டா "மேலும் பார்க்க" எண்டு பாதியில வெட்டும். படத்தையும் முதல் ரெண்டு வரியையும் பார்த்துட்டு ஓட்டோ பிடிக்கிற ஆள் கடைசி வரிக்கு வரவேமாட்டார்.

மூதூர் முரளி: எனக்கும் இதேதான் நடந்தது! போன வருசம் என்ர சைக்கிள் திருத்துற கடைக்கு ஒராள் ஒரு நட்சத்திரம் போட்டுப்போட்டார். விசாரிச்சா எதிர்க்கடைக்காரன்ர மருமகன். அவர் ஒரு நாளும் என்னட்டச் சைக்கிள் கொண்டுவரேல்லை. இவங்களை என்ன செய்யிறது?

நிலாவெளி ராசாத்தி: முரளி அண்ணா, இங்க தம்பி பாராட்டப்போறதைப் பற்றிக் கதைக்கிறம். உங்கட விசயத்துக்கு அந்த விமர்சனத்துக்குப் பக்கத்தில முறையிடுற வசதி இருக்கு, அதை அழுத்திப் பாருங்கோ. ஆனா உங்கட கதையில தம்பிக்கும் ஒரு பாடம் கிடக்கு. அத்தான்ர கடைக்குப் பக்கத்துக் கடை நண்டுக்கறி உறைப்புக் காணாது எண்டு அடுத்த மாசம் நீங்கள் எழுதினா, அங்கயும் முதல் வரியில அத்தான் வந்தாகவேணும்.

நண்டுக்கால்: ஐயோ, அதை நான் யோசிக்கவே இல்லை. போன கிழமைதான் ஒண்டு எழுதினனான்.

பகீ_கிண்ணியா: தம்பி, சொன்னாச் சரி. சொல்லிட்டா மிச்சம் வாசிக்கிறவர்ர பாடு. அதுக்குப் பிறகு எவ்வளவு வேணுமெண்டாலும் புகழுங்க, ஒளிக்க ஒண்டுமில்லையே.

நிலாவெளி ராசாத்தி: அங்கதான் வழுக்குறது. உண்மையைச் சொல்லிட்டன் எண்ட தைரியத்தில கை நீளும். "நல்லா இருக்கு" எண்டு எழுதவேண்டிய இடத்தில "இலங்கையிலேயே சிறந்தது" எண்டு வரும். இன்னொண்டு, சமையற்காரருக்குத் தம்பியைத் தெரியும். தம்பிக்கு வாற கோப்பை ஊராருக்கு வாற கோப்பையில்லை. கடை ஆக்களுக்குத் தெரியாத ஒரு சிநேகிதனைத் தனிய அனுப்பி, அதே நண்டுக்கறியை எடுக்கச் சொல்லுங்கோ. காசு நீங்கள் குடுங்கோ, பில்லை வாங்கி வையுங்கோ.

நண்டுக்கால்: (ரெண்டு நாளுக்குப் பிறகு) அனுப்பினன். வெள்ளிக்கிழமை பின்னேரம் ஏழு மணி. எனக்கு மூண்டு நண்டு, ஒண்டில சினை நிறைய, முருங்கை இலை மேல மிதக்க ஆவி பறக்க வந்தது. அவனுக்கு ரெண்டு, ரெண்டும் சின்னன். பிட்டு ஆறிப்போய் வந்ததாம். ஐம்பது நிமிசம் காத்திருந்தவன். ஆனா குழம்பு அதே குழம்புதானாம், அதில ஒரு குறையுமில்லை எண்டான். வெக்கமாக் கிடக்கு.

கோணமலையான்: இதை எழுதினா அத்தான் வீட்டுக்குள்ள விடுவாரோ? மூண்டு கிழமைக் கடை தம்பி. ஆள்பலமில்லாம ஓடுற காலத்தில தராசு பிடிக்கிறது நியாயமோ?

நிலாவெளி ராசாத்தி: அது நியாயமான கேள்விதான். காத்திருந்ததையும் ஆறின பிட்டையும் அத்தானிட்ட முதலில வாயால சொல்லுங்கோ. பிறகு எழுதேக்கை "திறந்து மூண்டு கிழமை, வெள்ளி பின்னேரம் ஐம்பது நிமிசம்" எண்டு அப்பிடியே போடுங்கோ. நாளும் நேரமும் கிடந்தா அது குற்றச்சாட்டாத் தெரியாது, போறவைக்கு உதவும்.

இப்ப அக்காவின்ர நட்சத்திரத்துக்கு வாறன், எனக்கு இதுதான் பெரிய பயம். உங்கட பதிவில அத்தான் எண்டு எழுதலாம், வாசிக்கிற ஆள் கழிச்சுப் பார்ப்பார். மேப்பில நட்சத்திரத்தைக் கூட்டிப் பிரிக்கிற கணக்குக்கு அத்தானைத் தெரியாது. வெளியாக்கள் நாலு பேர் 4, 4, 3, 3 போட்டிருந்தா சராசரி 3.5. குடும்பத்தில ஆறு பேர் அஞ்சு அஞ்சு போட்டா 4.4. ஆறு பேரும் "நாங்கள் சொந்தம்" எண்டு கீழ எழுதினாலும் அந்த 4.4 குறையாது. மே தொடங்கிச் செப்டெம்பர் வரைக்கும் வாற வெளிநாட்டுச் சனம் அந்த இலக்கத்தை மட்டும் பார்த்துத்தான் உள்ள வரும். டிரிப்அட்வைசர் உரிமையாளரின்ர குடும்பத்தார் எழுதுறதை ஏற்கிறதேயில்லை.

பகீ_கிண்ணியா: பொய் விமர்சனத்துக்கு எதிரா அமெரிக்காவிலதான் சட்டம் கிடக்காம். நமக்கு என்ன?

நிலாவெளி ராசாத்தி: அமெரிக்காவில 2024 ஒக்ரோபரில இருந்து பொய் விமர்சனங்களுக்கு எதிரா ஒரு விதி கிடக்கு எண்டது உண்மை. அது அங்கத்த வியாபாரத்துக்கு. உப்புவெளியில சட்டம் வராட்டியும் சனம் வரும். 4.4 ஐ நம்பி வந்து ஐம்பது நிமிசம் இருந்த ஆள் கோபத்தில ஒரு நட்சத்திரம் போட்டிட்டுப் போவார். 3.5 ஐப் பார்த்து வந்திருந்தா அதே ஆள் மூண்டு நட்சத்திரமாவது போட்டிருப்பார்.

கோணமலையான்: அது உங்கட ஊகம் தங்கச்சி. 3.5 ஐப் பார்த்தா வராமலேயே விட்டிருப்பார்.

நிலாவெளி ராசாத்தி: அதுவும் நடக்கலாம். மறுக்கேல்லை.

நண்டுக்கால்: தொடக்கம் எழுதிப் பார்த்தன்: "இது என்ர அக்காவின்ர கணவர்ர கடை. தொடங்க நான் எண்பதினாயிரம் கடன் குடுத்திருக்கிறன், என்ர சாப்பாட்டுக்குக் காசு வாங்கேல்லை. கீழ எழுதினது நான் காசு குடுத்து அனுப்பின சிநேகிதனுக்கு வந்த கோப்பையை வைச்சு." போன கிழமை எழுதின மற்றக் கடைப் பதிவிலயும் மேல ஒரு வரி சேர்த்திட்டன். காணுமோ?

மூதூர் முரளி: நல்லாத்தான் கிடக்கு. ஆனா கடன் விசயம் ஊருக்குத் தெரிய அத்தானுக்கு விருப்பமோ? கேட்டனீரோ?

நண்டுக்கால்: கேக்கேல்லை. அக்காவிட்ட நட்சத்திரக் கணக்கையும் இன்னும் சொல்லேல்லை. அவ நேற்று இரவே ரெண்டு பெரியப்பாமாருக்கும் லிங்க் அனுப்பிப்போட்டா.