ரைபோ சுவிட்சைத் தமிழில் எப்படி அழைப்பது?

செல்வி, மல்லேஸ்வரம்

அனைவருக்கும் வணக்கம். கல்லூரி மாணவர்களுக்கான பாக்டீரிய மரபியல் நூலின் மொழிபெயர்ப்பில் 'ரைபோ சுவிட்ச்' என்ற இடத்தில் நின்றுவிட்டேன். தூது ஆர்.என்.ஏ.வில் புரதத்துக்கான செய்தி தொடங்கும் முன்பே ஒரு துண்டு தானாக மடிந்து, அடினின், குவானின், வைட்டமின் என்று ஏதோ ஒரு சிறு மூலக்கூற்றைப் பிடிக்கிறது. பிடித்ததும் பின்னாலுள்ள மரபணுவின் வேலை மாறுகிறது. நடுவில் தரகராக எந்தப் புரதமும் இல்லை. நூலில் உள்ள உதாரணங்கள் எல்லாவற்றிலும் மூலக்கூறு வந்தால் மரபணு நிற்கிறது. அதனால் 'ஆர்.என்.ஏ. தடுப்பி' என்று எழுதி வைத்திருக்கிறேன். மறுப்பு இருந்தால் இந்த வாரத்துக்குள் சொல்லுங்கள், அத்தியாயம் அச்சுக்குப் போக வேண்டும்.

மாணிக்கம், பீன்யா

செல்வி மேடம், இது எங்கள் சரக்கு! ரைபோஃப்ளேவினுக்கான சுவிட்ச் தானே? நொதிப்புத் தொட்டியில் பி2 வைட்டமின் எடுக்கிறவர்களுக்குத் தெரியும். செல்லுக்குள் வைட்டமின் போதுமான அளவு சேர்ந்ததும் பாக்டீரியா தயாரிப்பை நிறுத்திவிடும். ரோசியோஃப்ளேவின் என்ற போலி வைட்டமினை ஊற்றினால் பெரும்பாலானவை ஏமாந்து தயாரிப்பை நிறுத்திப் பட்டினி கிடக்கும். அதிலும் தாக்குப்பிடித்து வளர்கிறவற்றைப் பொறுக்கினால், அவற்றில் சில தயாரிப்பை நிறுத்தவே தெரியாதவை. எங்களுக்கு வேண்டியது அவைதான். 'வைட்டமின் பூட்டு' என்று வையுங்கள், தொழிலாளிக்கும் புரியும்.

பிரபாகரன், யெலகங்கா

மாணிக்கம் அண்ணா, நீங்கள் சொன்ன நிகழ்ச்சி உண்மைதான். ஆனால் பெயரிலுள்ள 'ரைபோ' ரைபோஃப்ளேவினிலிருந்து வரவில்லை, ஆர்.என்.ஏ.விலிருந்து வந்தது. ரைபோஃப்ளேவினிலிருந்து செல் தயாரிக்கும் எஃப்.எம்.என். என்ற பொருளைப் பிடிக்கும் துண்டு இந்தக் குடும்பத்தில் ஒன்று. உங்கள் பொறுக்குதலில் தப்பிக்கிறவற்றில் பலவற்றுக்கு அந்தத் துண்டில்தான் எழுத்து மாறியிருக்கும். 2002இல் யேல் பல்கலைக்கழகத்தில் ரொனால்ட் பிரேக்கர் குழுவும், நியூயார்க்கில் எவ்கேனி நூட்லர் குழுவும் இவற்றைத் தனித்தனியாகக் காட்டியபோது முதலில் வந்தவையே வைட்டமின் சார்ந்தவைதான். குழப்பம் இயல்பு.

செல்வி, 'தடுப்பி' வேண்டாம். பாசில்லஸ் சப்டிலிஸ் பாக்டீரியாவில் இரண்டு துண்டுகளை அருகருகே வைத்துப் பாருங்கள். ஒன்று எக்ஸ்.பி.டி. மரபணுவின் முன்னால் இருக்கிறது, குவானினைப் பிடிக்கும். இன்னொன்று பி.பி.யு.இ. மரபணுவின் முன்னால், அடினினைப் பிடிக்கும். இரண்டின் பிடிபகுதியும் ஏறத்தாழ ஒரே அச்சு: மூன்று தண்டுகள் சந்திக்கும் முடிச்சு, அதன் நடுவே மூலக்கூறு. எதைப் பிடிப்பது என்பதை முடிச்சிலுள்ள ஒரே எழுத்து தீர்மானிக்கிறது. அங்கே சி இருந்தால் குவானின், யு இருந்தால் அடினின். அந்த ஓர் எழுத்தை மாற்றிவிட்டால் விருப்பமும் மாறிவிடும்.

ஆனால் விளைவு நேர் எதிர். குவானின் வந்தால் எக்ஸ்.பி.டி. நிற்கிறது, அடினின் வந்தால் பி.பி.யு.இ. ஓடத் தொடங்குகிறது. காரணம் பின்னாலுள்ள பகுதி. படியெடுப்பை முடிக்கச் சொல்லும் கொண்டை ஊசி மடிப்பு ஒன்று இரண்டிலும் உண்டு. பி.பி.யு.இ.யில் அந்த ஊசியைக் கட்டத் தேவையான இழையும் பிடிபகுதியின் அடித்தண்டுக்குத் தேவையான இழையும் ஒன்றே. அடினின் தண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டால் ஊசிக்கு இழை கிடைக்காது. படியெடுக்கும் நொதியான பாலிமரேஸ் தாண்டிப் போகும், மரபணு முழுதாகப் படியெடுக்கப்படும். எக்ஸ்.பி.டி.யில் இடையில் இன்னொரு மடிப்பு இருந்து ஊசியைக் கலைத்துக்கொண்டிருக்கிறது. குவானின் அந்த இடைமடிப்பின் இழையைப் பறித்துக்கொள்ள, ஊசி சுதந்திரமாக உருவாகிப் படியெடுப்பை முடிக்கிறது. பி.பி.யு.இ. செய்வது பியூரின்களை வெளியேற்றும் பம்பு என்பதை நினைத்தால் இது நியாயமாகவே படும். உள்ளே அடினின் மிஞ்சும்போது பம்பு வேண்டும், இல்லாதபோது வேண்டாம்.

கனகசபை, அல்சூர்

தம்பி பிரபாகரன் விளக்கம் தெளிவு. அப்படியானால் விடை இலங்கைத் தமிழர் கையிலேயே இருக்கிறது. சுவிட்சை அவர்கள் பாடநூலில் 'ஆளி' என்பார்கள். ஆள்வது ஆளி. 'ரைபோ ஆளி' என்றால் நிறுத்தவும் செய்யும், ஓட்டவும் செய்யும். செல்வி யோசிக்கத் தேவையே இல்லை.

மாணிக்கம், பீன்யா

ஐயா, எங்கள் வீட்டில் ஆளி என்றால் சப்பாத்தி மாவில் கலக்கும் விதை.

பிரபாகரன், யெலகங்கா

விதையை விடுங்கள். எனக்கு 'ஆளி'யில் வேறு தயக்கம். சுவரிலுள்ள சுவிட்சை எத்தனை முறையும் தட்டலாம். பி.பி.யு.இ. துண்டு அப்படியில்லை. கண்டோன்மென்ட் ஸ்டேஷனுக்கு வெளியே தண்டவாளம் பிரிகிற இடத்தை நினையுங்கள். வண்டி அதைத் தாண்டிய பிறகு பாயின்ட்டை எந்தப் பக்கம் தள்ளினாலும் அந்த வண்டிக்குப் பயனில்லை. இங்கே வண்டி பாலிமரேஸ். பிடிபகுதி முழுவதும் வெளியே வந்ததிலிருந்து ஊசிக்கான எழுத்துகள் எழுதப்படும்வரை உள்ள இடைவெளி சில பத்து எழுத்துகள்தான். பாலிமரேஸின் வேகத்தில் அது ஓரிரு நொடி. அதற்குள் அடினின் வந்து உட்கார வேண்டும். பிந்தினால் ஊசி கட்டப்பட்டு, பாலிமரேஸ் கழன்று, அந்த ஆர்.என்.ஏ.வின் கதை முடிந்தது. அடுத்த வாய்ப்பு அடுத்த ஆர்.என்.ஏ.வுக்கு.

நித்யா, ஹெப்பால்

பெயர் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை, ஆனால் பிரபா அண்ணா எழுதியதைப் படித்ததும் கேட்டே ஆக வேண்டும். நான் இதே பி.பி.யு.இ. துண்டைத்தான் வைத்திருக்கிறேன். குழாயில் மக்னீசியத்தோடு மடித்துவைத்த ஆர்.என்.ஏ. ஒரு மைக்ரோமோலாருக்கும் குறைவான அடினினிலேயே பாதி நிரம்பிவிடுகிறது. ஆனால் அதையே, வேலை செய்தால் நிறம் காட்டும் பீட்டா-கேலக்டோசிடேஸ் மரபணுவுக்கு முன்னால் ஒட்டி பாசில்லஸில் வைத்தால், ஊடகத்தில் எவ்வளவோ அடினின் சேர்த்த பிறகுதான் நிறம் வருகிறது. துண்டு உடைந்துவிட்டதா? வழிகாட்டி புது கிளோன் செய்யச் சொல்கிறார்.

பிரபாகரன், யெலகங்கா

கிளோனைத் தொடாதே நித்யா, முதலில் கணக்குப் போட்டுப் பார். குழாயில் நீ காத்திருக்கிறாய். எல்லாம் சமநிலைக்கு வந்த பிறகு அளக்கிறாய். செல்லில் அடினினுக்குக் கிடைப்பது அந்த ஓரிரு நொடி. இத்துண்டில் இணையும் வேகம் தோராயமாக ஒரு மோலாருக்கு நொடிக்கு ஒரு லட்சம் என்று வைத்துக்கொள். இடைவெளி ஒரு நொடி என்றால், நிரம்பும் பங்கு:

```
p = 1 - exp(-k * c * t)
k = 1e5, t = 1
c = 0.3 µM  ->  p = 0.03
c = 1 µM    ->  p = 0.10
c = 10 µM   ->  p = 0.63
```

குழாயில் பாதி நிரப்பிய 0.3 மைக்ரோமோலார், செல்லில் நூற்றுக்கு மூன்று ஆர்.என்.ஏ.வைத்தான் எட்டும். பாதிக்கு மேல் வேண்டுமானால் பத்து மைக்ரோமோலார் அளவுக்குப் போக வேண்டும். பாலிமரேஸ் நடுவில் எங்காவது தயங்கி நின்றால் கணக்கு உனக்குச் சாதகமாக மாறும், அதனால் இதை வரம்பாக மட்டும் எடுத்துக்கொள்.

இரண்டாவது, ஊடகத்தில் ஊற்றிய அடினின் செல்லுக்குள் அதே அளவில் இருக்கிறது என்று நம்பாதே. பாசில்லஸ் அடினினை ஹைப்போசாந்தைனாக்கும் நொதி வைத்திருக்கிறது, நியூக்ளியோடைடாக்கவும் செய்யும். 2,6-டைஅமினோபியூரின் கொடுத்துப் பார். இந்தத் துண்டு அதை அடினினைவிட இறுக்கமாகப் பிடிக்கும். கூடவே முடிச்சிலுள்ள யு-வை சி ஆக்கிய வடிவம் ஒன்றும் வைத்துக்கொள். உன் நிறம் உண்மையிலேயே இத்துண்டால் வருகிறதென்றால், மாற்றிய வடிவம் அடினினுக்கு அசையக் கூடாது. அதுவும் நிறம் காட்டினால், அடினின் வேறு வழியாக எதையோ தூண்டுகிறது.

நித்யா, ஹெப்பால்

யு-சி வடிவம் ஃப்ரீசரிலேயே இருக்கிறது, பிணைப்புக்காகச் செய்தது. செல்லில் போடவே தோன்றவில்லை. வியாழக்கிழமை ஏற்றுகிறேன்.

கனகசபை, அல்சூர்

பாயின்ட் உவமை என்னைப் பிடித்துக்கொண்டது. பாதை இரண்டாகப் பிரியும் இடத்துக்குத் தமிழில் 'கவை' என்ற பழைய சொல் உண்டு, கவட்டை அதன் உறவு. மூலக்கூற்றை உணர்ந்து எந்தக் கிளையில் போவதென முடிவாகும் இடம் 'உணர்கவை'. ஒரே முறை, திரும்ப முடியாது என்பதும் அதில் அடங்கிவிட்டது. ரைபோ சுவிட்சுகள் எல்லாமே ஒரு முறை முடிவு செய்பவை என்பதால் 'ஆளி'யை நான் திரும்பப் பெறுகிறேன்.

பிரபாகரன், யெலகங்கா

'உணர்கவை' அழகு ஐயா, ஆனால் 'எல்லாமே' என்று எழுத முடியாது. கடல்வாழ் விப்ரியோ வல்னிஃபிகஸில் இதே அடினினைப் பிடிக்கும் துண்டு ஒன்று இருக்கிறது. அது படியெடுப்பை நிறுத்துவதில்லை. ரைபோசோம் வந்து உட்காரும் இடத்தை மடிப்புக்குள் மறைத்து வைத்திருக்கும், அடினின் வந்தால் திறக்கும். அடினின் போனால் மறுபடி மூடிக்கொள்ள முடியும், ஏனென்றால் ஆர்.என்.ஏ. முழுதாக எழுதப்பட்ட பிறகும் அது வேலை செய்கிறது. அங்கே நித்யாவின் குழாய்க் கணக்கே செல்லுக்கும் ஓரளவு பொருந்தும். அதாவது ஒரே பிடிபகுதி, ஓர் இடத்தில் பாயின்ட், இன்னோர் இடத்தில் உண்மையான சுவிட்ச்.

ஜி.எல்.எம்.எஸ். மரபணுவின் முன்னாலுள்ள துண்டு இன்னும் தொல்லை. குளுக்கோசமைன்-6-பாஸ்ஃபேட்டைப் பிடித்ததும் அது தன்னையே வெட்டிக்கொள்கிறது. மூலக்கூறு வருவதற்கு முன்பே குழி தயாராக இருக்கிறது, பெரிய மடிப்பு மாற்றம் எதுவும் இல்லை. யாராவது 'மடிப்பு' வைத்துப் பெயர் கட்ட நினைத்தால் அது இங்கே விழும்.

கனகசபை, அல்சூர்

வெட்டுவதா வேண்டாமா என்பதும் கவைதானே? திறப்பதா மூடுவதா என்பதும்தான். திரும்பும் கவை, திரும்பாக் கவை என்று இரண்டு இருந்துவிட்டுப் போகட்டும். நான் விடமாட்டேன்.

மாணிக்கம், பீன்யா

வேகமாகப் படித்தால் 'உணவுச்சுவை' என்று வருகிறது. போட்டே ஆக வேண்டுமென்றால் பக்கத்தில் ரைபோ சுவிட்ச் என்று எழுதிவிடுங்கள், எங்கள் பையன்கள் இணையத்தில் தேட வேண்டாமா?

செல்வி, மல்லேஸ்வரம்

'தடுப்பி'யை எடுத்துவிட்டேன். அந்தப் பக்கத்தில் எக்ஸ்.பி.டி. உதாரணம் மட்டும் இருந்தது, பி.பி.யு.இ.யையும் ஒரு பத்தியாகச் சேர்க்கப் பதிப்பாசிரியரிடம் இடம் கேட்டிருக்கிறேன். தலைப்பில் 'ரைபோ சுவிட்ச்', உள்ளே முதல் முறை மட்டும் 'உணர்கவை எனவும் சொல்லலாம்'. கனகசபை ஐயாவுக்கு இது பாதி வெற்றி என்று தெரியும். ஒன்று மட்டும் கேட்கிறேன்: அடுத்த பக்கத்தில் டி-பாக்ஸ் வருகிறது. அமினோ அமிலம் ஏறாத கடத்து ஆர்.என்.ஏ.வை உணர்ந்து இதே மாதிரி ஊசியைக் கலைக்கிறது. அதையும் இந்தப் பெயரில் சேர்க்கலாமா?

பிரபாகரன், யெலகங்கா

சேர்ப்பவர்களும் உண்டு, மறுப்பவர்களும் உண்டு. கடத்து ஆர்.என்.ஏ. எழுபது, எண்பது எழுத்து நீளம், அதைச் சிறு மூலக்கூறு என்று யாரும் சொல்லமாட்டார்கள். நான் மறுப்பவர் பக்கம்.

நித்யா, ஹெப்பால்

நான் சேர்ப்பவர் பக்கம். கனகசபை ஐயாவின் சொல்லில் 'சிறு' என்று எங்கே இருக்கிறது?