டேங்கர் தண்ணீர்: எத்தனை நடை, எவ்வளவு தொட்டி?

கதிரேசன், சிங்கப்பூர்

எல்லோருக்கும் வணக்கம். காவிரிக் கூட்டுக் குடிநீர்க் குழாயில் வாரத்துக்கு ஒருநாள் வந்தால் பெரிய விஷயம், ஊருணியும் தரை தட்டிவிட்டது என்று பாண்டி எழுதியிருந்தார். இனி ஐப்பசி மழைதான். ஜூலையிலிருந்து செப்டம்பர் கடைசி வரை நாம் டேங்கர் விட வேண்டியிருக்கும்.

என் யோசனை இது. 24,000 லிட்டர் லாரி ஒன்றைப் பேசித் தினமும் ஒரு நடை வரச் சொல்வோம். சின்ன வண்டியைவிட லிட்டருக்கு மலிவு. ஊரில் இப்போது 600 பேர். ஜல் ஜீவன் கணக்கே தலைக்கு 55 லிட்டர் என்கிறது, அதனால் இதுவும் போதாதுதான். சந்தா எவ்வளவு என்று சொன்னால் இங்கே வசூலை ஆரம்பித்துவிடுவேன்.

இளங்கோ, மஸ்கட்

அண்ணே, இங்கே தொழிலாளர் முகாம்களுக்குத் தண்ணீர் வண்டி அனுப்புவதுதான் என் வேலை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

55 லிட்டர் என்பது குளியல், துவையல் எல்லாம் சேர்த்து வீட்டுக் குழாயில் தரவேண்டிய அளவு. நம் ஊரில் குளிக்கவும் துவைக்கவும் உப்புத்தண்ணீர் போர் இருக்கிறது. குடிக்கவும் சமைக்கவும் தலைக்கு 20 லிட்டர் வைத்தால் ஓடும். 600 பேருக்கு நாளைக்கு 12,000 லிட்டர்.

பெரிய லாரி மலிவுதான், ஆனால் ஊருக்குள் வரவேண்டுமே! தண்ணீர் மட்டும் 24 டன். வண்டியையும் சேர்த்தால் 35 டன்னை நெருங்கும். கண்மாய்க் கரையில் அந்த மடைப் பாலத்தின் மேல் அதை ஏற்ற எனக்குத் தைரியமில்லை. அப்படியே வந்தாலும் எதில் இறக்குவது? மேல்நிலைத் தொட்டி 30,000 லிட்டர் பிடிக்கும், ஆனால் லாரித் தண்ணீர் தானாக அவ்வளவு உயரம் ஏறாது. கீழே இருப்பது 5,000 லிட்டர் சின்டெக்ஸ் இரண்டுதான். கொள்கிற அளவை இறக்கிவிட்டு, டிரைவர் முழு வாடகையை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

அதனால் 5,000 லிட்டர் டிராக்டர் டேங்கர்தான் சரி. ஒரு நடைக்கு எவ்வளவு நேரம் என்று பாருங்கள். குண்டாற்றுப் பக்கத்து நல்லதண்ணீர் போர் 14 கிலோமீட்டர். காலியாகப் போக முக்கால் மணி, ஏற்ற அரைமணி, பாரத்தோடு திரும்ப ஒரு மணி, இறக்க இன்னொரு முக்கால் மணி. ஆக மூன்று மணி நேரம், பகலில் மூன்று நடை, 15,000 லிட்டர். தாராளம் என்று தோன்றும். ஆனால் ஆகஸ்டில் சுற்றுப்பட்டு ஊர் வண்டியெல்லாம் அதே போரில்தான் நிற்கும். வரிசையில் இரண்டு மணி நேரம் போனால் இரண்டு நடைதான், 10,000 லிட்டர். தினமும் 2,000 குறையும்.

இங்கேதான் தொட்டிக்கு வேலை. வண்டி பழுது, போரில் கரண்ட் இல்லை, டிரைவர் வீட்டில் விசேஷம் என்று இரண்டு நாள் சேர்ந்தாற்போல் நடை விழாமல் போகும். அதற்கு 24,000 லிட்டர் கையிருப்பு வேண்டும். அது நிறைந்திருக்கும்போதும் அடுத்த வண்டியை இறக்க 5,000 காலி இடம் இருக்கவேண்டும். ஆக 30,000 லிட்டர். இன்னும் நாலு சின்டெக்ஸ் வாங்கவேண்டும். தினசரிக் குறையை இந்தக் கையிருப்பில் ஈடுகட்டக் கூடாது, பன்னிரண்டே நாளில் காலியாகிவிடும். நெருக்கடி நாளுக்கு இரண்டாவது டிராக்டர் ஒன்றை வாரத்துக்கு மூன்று நடை இப்போதே பேசி வையுங்கள்.

சுமதி, மெல்போர்ன்

அம்மா வீட்டில் 1,000 லிட்டர் டேங்க் இருக்கிறது. வண்டி மேலத்தெருவுக்குள் வந்து அதை நிரப்பிவிட்டுப் போகுமா? அம்மாவால் குடம் தூக்க முடியாது. வேண்டுமானால் எல்லா வீட்டுக்கும் ஆளுக்கொரு டேங்க் வாங்கிக் கொடுத்துவிடலாமே? பொதுத் தொட்டியில் சண்டைதான் வரும்.

இளங்கோ, மஸ்கட்

சுமதிக்கா, வீடு வீடாக நிறுத்தி ஹோஸைப் போட்டால் வீட்டுக்குப் பத்து நிமிடம் போகும். 5,000 லிட்டரை முப்பது வீட்டுக்குப் பிரித்தால் இறக்குவதற்கு மட்டுமே ஐந்து மணி நேரம். அப்புறம் நாளைக்கு ஒரு நடைதான் தேறும். அம்மா மாதிரி தனியாக இருப்பவர்களுக்குத் தள்ளுவண்டியில் நாலைந்து குடம் கொண்டுபோய் வைக்க ஒரு பையனுக்குச் சம்பளம் போடலாம். அதையும் செலவில் சேர்த்துக்கொள்வோம்.

பாண்டி, ஊரிலிருந்து

மாமா, நேற்று ஒரு நடை பணம் கொடுத்து வரவழைத்துப் பார்த்தேன். டேங்கரில் 5,000 என்று எழுதியிருக்கிறது. காலியாக இருந்த சின்டெக்ஸில் இறக்கினோம். கழுத்துக்குக் கீழே ஒரு சாணுக்கு மேல் குறைகிறது, 4,500தான் இருக்கும். வழியில் தளும்பும் என்று விளிம்பு வரை ஏற்றுவதில்லையாம். ஒரு நடை 1,200 ரூபாய் கேட்கிறார்.

இன்னொன்று. இப்போதிருக்கும் தொட்டிகளில் தொட்டிக்கு ஒரு குழாய்தான். நேற்றுக் காலை ஏழு மணிக்குப் போட்ட குடம் பத்து மணிக்குத்தான் நிறைந்தது. கடைசியில் ஒரு முழ உயரம் தண்ணீர் இருக்கும்போதே குழாய் நூலாகிவிட்டது. புதுத் தொட்டியை மந்தையில் வைக்கத்தான் பெரியவர்கள் சொல்கிறார்கள். கண்மாய்க்கு அந்தப் பக்கத்துக் காலனிக்காரர்கள், நாங்கள் முக்கால் கிலோமீட்டர் நடந்து வந்து வரிசையில் கடைசியில் நிற்கவா என்று கேட்கிறார்கள். கேட்பதில் நியாயம் இருக்கிறது.

இளங்கோ, மஸ்கட்

பாண்டி, அளந்து பார்த்தது நல்லதாகப் போயிற்று. இனி 4,500 என்றே கணக்குப் போடுவோம். மூன்று நடை விழுந்தால் 13,500, அது போதும். இரண்டு நடை என்றால் 9,000தான், நாளைக்கு 3,000 குறையும். அப்போது இரண்டாவது டிராக்டர் வாரத்துக்கு மூன்று நடை போதாது, ஐந்து வேண்டும். மூன்று மாதத்துக்கும் சுமார் 250 நடை, வண்டிக்கு மட்டும் மூன்று லட்சம் ரூபாய்.

12,000 லிட்டர் என்பது 15 லிட்டர் குடத்தில் 800 குடம். நிரப்பி, நகர்த்தி, அடுத்ததை வைக்கக் குடத்துக்கு இரண்டு நிமிடம். காலை இரண்டு மணி நேரம், மாலை இரண்டு மணி நேரம் திறந்தால் ஏழு குழாயாவது வேண்டும், எட்டாகப் போடுங்கள். தொட்டிகளை இடுப்பளவு மேடை கட்டி ஏற்றி, அடிமட்டத்தை ஒட்டிக் குழாய் வையுங்கள். தரையோடு இருப்பதால்தான் நூலாகிறது.

நாலு தொட்டியில் இரண்டைக் காலனியில் வைப்பதுதான் என் கருத்து. டிராக்டர் அந்த வழியாகத்தானே வருகிறது, நேரமும் அதிகமாகாது. ஒவ்வொரு நடைக்கும் பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றி அரைமணி கழித்துக் குழாயைத் திற. பஞ்சாயத்துத் தொட்டி ஆப்பரேட்டரிடம் குளோரின் பார்க்கும் பெட்டி இருக்கும், மருந்துக் கணக்கும் அவருக்குத் தெரியும்.

கதிரேசன், சிங்கப்பூர்

வண்டிக்கு மூன்று லட்சம், தொட்டி, மேடை, குழாய் தனி. சிங்கப்பூர் பங்கை இந்த மாதமே அனுப்புகிறோம். முதலில் தொட்டிக்குத்தான் பணம் என்று வைத்துக்கொள்வோம். ஆனால் பஞ்சாயத்து மோட்டாரை வைத்து மேல்நிலைத் தொட்டிக்கே ஏற்றிவிட்டால் பழைய தெருக்குழாயிலேயே விடலாமே? புதுத் தொட்டிச் செலவு மிச்சம்.

பாண்டி, ஊரிலிருந்து

சித்தப்பா, அந்தத் தெருக்குழாய் லைனில் நாலு இடத்தில் கசிவு. காசு கொடுத்து வாங்கும் தண்ணீரை அதில் விட மனசு வரவில்லை. தலைவரிடம் கேட்டுவிட்டு எழுதுகிறேன். காலனித் தொட்டி விஷயமாக ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டிருக்கிறார்கள். பெரியவர்களிடம் நீங்களும் போனில் ஒரு வார்த்தை பேசுங்கள். நான் சொன்னால் எடுபடாது.