சேமிக்காத எண்களுக்கு லாஸ்ட் சீன், ப்ளூ டிக், டிபி மூன்றும் தெரியாமல் வைக்க முடியுமா? (வாட்ஸ்அப், ஆண்ட்ராய்டு)

செல்வி, கும்பகோணம்

வணக்கம். வீட்டிலேயே ப்ளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன். வாசல் போர்டில் என் எண் இருப்பதால் யார் யாரோ வாட்ஸ்அப்பில் வருகிறார்கள். சிலர் ராத்திரி நேரத்தில் "ஹாய்" போட்டுவிட்டு, "ஆன்லைன்ல இருக்கீங்க, பதில் சொல்ல மாட்டேங்கறீங்க" என்று விடாமல் கேட்கிறார்கள். பயமாகவும் இருக்கிறது, எரிச்சலாகவும் இருக்கிறது.

Privacy-க்குள் போய் லாஸ்ட் சீன், டிபி இரண்டையும் My contacts என்று மாற்றிவிட்டேன். இருந்தும் இரண்டு தொல்லை. ஒன்று, நான் ஆன்லைனில் இருப்பது இன்னும் தெரிகிறது. இரண்டு, யாரென்றே நினைவில்லாத ஒருவர் நேற்று "புது போட்டோ நல்லா இருக்கு" என்று அனுப்பினார். அவருக்கு எப்படித் தெரிந்தது? ப்ளூ டிக்கையும் தெரியாதவர்களுக்கு மட்டும் மறைக்க வேண்டும். வாடிக்கையாளர்களுக்குத் தெரிந்தால் பரவாயில்லை.

ராஜா_திருச்சி

சிம்பிள். Privacy-யில் Read receipts-ஐ ஆஃப் பண்ணுங்க. டிக்கும் போகாது, ஆன்லைனும் தெரியாது. நான் பல வருஷமா அப்படித்தான் வைத்திருக்கிறேன், யாருக்கும் எதுவும் தெரியாது. டிபி தெரிகிறதென்றால் அந்த ஆள் உங்கள் எண்ணை சேவ் பண்ணியிருப்பார், அதனால்தான்.

அன்பு மொபைல் சர்வீஸ்

ராஜா தம்பி, டிக் விஷயம் சரி. மற்ற இரண்டும் அப்படி இல்லை. Read receipts ஆஃப் ஆனால் ஆன்லைன் மறையாது, அது தனி. அப்புறம், அவர் உங்கள் எண்ணை சேவ் பண்ணுவதால் எதுவும் திறக்காது. My contacts என்பது உங்கள் பக்கத்துப் பட்டியல். நீங்கள் யாரை சேமித்திருக்கிறீர்களோ அவர்களுக்குத்தான் தெரியும். கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் இதைத் தலைகீழாகத்தான் புரிந்துகொள்கிறார்கள்.

செல்வி அக்கா, முதலில் ஆன்லைன். Last seen and online பக்கத்தைத் திறந்தால் மேலே லாஸ்ட் சீனுக்கு Everyone, My contacts, My contacts except, Nobody என்று நான்கு இருக்கும். கீழே "Who can see when I'm online" என்று இன்னொன்று. அது Everyone-லேயே நின்றிருக்கும். அதை Same as last seen என்று மாற்றுங்கள். 2022-இல் வந்த வசதி இது. மேலே மாற்றிவிட்டு வெளியே வந்துவிடுவதால் பலருக்கும் இது விட்டுப்போகிறது.

இதற்கு ஒரு விலை உண்டு. நீங்கள் யாருக்கு மறைக்கிறீர்களோ அவர்களுடையதும் உங்களுக்குத் தெரியாது. தெரியாதவர்களுக்குத்தானே மறைக்கிறீர்கள், உங்களுக்கு நஷ்டமில்லை.

டிபிக்கு அப்படிப் பதிலுக்குப் பதில் கிடையாது. மறைத்தாலும் அடுத்தவர் படம் உங்களுக்குத் தெரியும், அவர் மறைக்காத வரை.

இப்போது அந்த ஆள். அவருடைய சாட்டைத் திறந்து மேலே பாருங்கள். வெறும் எண் இருக்கிறதா, பெயர் இருக்கிறதா?

செல்வி, கும்பகோணம்

ஆன்லைன் மாற்றிவிட்டேன் தம்பி, நன்றி. அந்த ஆள் சாட்டில் மேலே "மெட்டீரியல் குமார்" என்று வருகிறது. ஆனால் போனில் உள்ள கான்டாக்ட்ஸில் தேடினால் அந்தப் பெயரே இல்லையே?

ஜாகிர், ஷார்ஜா

சகோதரி, ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் ஒருமுறை எல்லாவற்றையும் Nobody என்று வைத்தேன். அன்றிலிருந்து வீட்டில் மனைவி எப்போது கடைசியாக வந்தார் என்பதே எனக்குத் தெரியாமல் போனது. ஊருக்கும் இங்கும் நேரம் வேறு, அதைப் பார்த்துத்தான் தூங்கிவிட்டாரா என்று தெரிந்துகொண்டு போன் செய்வேன். அதனால் Nobody பக்கம் போகாதீர்கள்.

அன்பு மொபைல் சர்வீஸ்

ஜாகிர் சார் சொல்வது சரி. வேண்டாத சிலரை மட்டும் தள்ள My contacts except போதும்.

அக்கா, மேலே பெயர் வந்தாலே அவர் உங்கள் தொடர்பில் இருக்கிறார் என்று அர்த்தம். சேமிக்காத எண்ணாக இருந்தால் எண்தான் தெரியும். எப்போதோ துணி வாங்கக் கேட்டு சேமித்திருக்கலாம். இப்போது வாட்ஸ்அப்புக்குள்ளேயே தொடர்பைச் சேமிக்க முடிகிறது, அப்படிச் சேமித்தது போனின் கான்டாக்ட்ஸில் தெரியாமல் இருக்கலாம். போனில் இரண்டு கூகுள் கணக்கு இருந்து, பட்டியல் ஒன்றை மட்டும் காட்டினாலும் இப்படித்தான் இருக்கும்.

சாட்டை அழித்தால் மட்டும் போதாது, தொடர்பு அப்படியே இருக்கும். பெயரைத் தொட்டு உள்ளே போய் Edit-இல் தொடர்பை அழித்துவிடுங்கள். அழிக்க மனமில்லை என்றால் Profile photo, Last seen இரண்டிலும் My contacts except போய் அவர் பெயரை டிக் செய்யுங்கள். ஏற்கெனவே அவர் எடுத்து வைத்துக்கொண்ட படத்தை இதனால் திரும்ப வாங்க முடியாது. அந்தப் படத்தில் சங்கடமாக ஏதாவது இருந்தால் மாற்றிவிடுங்கள்.

எல்லாம் முடிந்ததும், உங்கள் போனில் இல்லாத ஒரு எண்ணிலிருந்து பாருங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் போன் போதும். படம் சாம்பல் உருவமாகவும், பெயருக்குக் கீழே ஒன்றுமில்லாமலும் வந்தால் சரி.

கமலா, மதுரை

எனக்கும் இதே பிரச்சினைதான். என் தங்கை போட்டோ ஒரு வாரமாகக் காணோம், லாஸ்ட் சீனும் இல்லை. என்னை பிளாக் பண்ணிவிட்டாள் போலிருக்கிறது. இதை எப்படிச் சரிசெய்வது?

அன்பு மொபைல் சர்வீஸ்

கமலா அம்மா, அதற்குள் முடிவு செய்யாதீர்கள். தங்கை போன் மாற்றி எண்கள் போயிருந்தாலும், அவர் My contacts வைத்திருந்தால் உங்களுக்கு அப்படித்தான் தெரியும். ஒரு செய்தி அனுப்புங்கள். இரண்டு டிக் வந்தால் பிளாக் இல்லை. ஒற்றை டிக்கிலேயே நாள்கணக்கில் நின்றால் சந்தேகப்படலாம், ஆனால் அவர் போன் அணைந்திருந்தாலும் அப்படித்தான் நிற்கும். நேரில் பேசிவிடுவதே நல்லது.

செல்வி, கும்பகோணம்

குமாரை அழித்துவிட்டேன். தம்பி மகள் போனில் பார்த்தேன், அவள் புது எண் என்னிடம் இல்லை. படம் வரவில்லை, ஆன்லைனும் வரவில்லை. ப்ளூ டிக் பற்றிச் சொல்லவில்லையே?

அன்பு மொபைல் சர்வீஸ்

அதில்தான் வழியில்லை அக்கா. Read receipts எல்லோருக்கும் ஆன் அல்லது எல்லோருக்கும் ஆஃப், தெரியாதவர்களுக்கு மட்டும் என்ற வசதி அதில் கிடையாது. ஆஃப் செய்தால் வாடிக்கையாளர் உங்கள் செய்தியைப் படித்தாரா என்று உங்களுக்கும் தெரியாது, உங்கள் ஸ்டேட்டஸை யார் பார்த்தார்கள் என்பதும் வராது. குரூப்பில் ஆஃப் செய்தும் பயனில்லை, செய்தி போட்டவர் படித்தவர்கள் பட்டியலைப் பார்த்துவிடலாம். வாய்ஸ் மெசேஜைக் கேட்டாலும் அப்படித்தான்.

சந்தேகமான எண்ணை மட்டும் நோட்டிபிகேஷனில் படித்துவிட்டு, சாட்டைத் திறக்காமல் விடுங்கள். திறக்காத வரை டிக் நீலமாகாது.

இன்னொன்று. வாட்ஸ்அப்பில் நீங்கள் எழுதி வைத்த பெயருக்கு மறைக்கும் வசதி இல்லை. குரூப்பில் தெரியாதவர்களுக்கும் உங்கள் எண்ணோடு அது தெரியும். முழுப் பெயர், ஊர் எல்லாம் போட்டிருந்தால் சுருக்கிவிடுங்கள்.

ராஜா_திருச்சி

ஒரு மாற்று ஆப் இருக்கிறதே, அதில் டிக்கை ஆளுக்கு ஆள் மறைக்கலாம்?

அன்பு மொபைல் சர்வீஸ்

அவை வாட்ஸ்அப் கொடுத்தவை இல்லை தம்பி. கண்டுபிடித்தால் கணக்கைத் தற்காலிகமாக முடக்குவார்கள். தொழில் எண்ணை வைத்து அதைச் செய்ய வேண்டாம்.

செல்வி, கும்பகோணம்

சரி. டிக்கை ஆனில் வைப்பதா, ஆஃப் செய்வதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. தீபாவளி ஆர்டர் நேரத்தில் வாடிக்கையாளர் அளவைப் பார்த்தாரா என்று தெரியாவிட்டால் எனக்குத் தையலே ஓடாது. தொழில் செய்யும் வேறு யாராவது டிக்கை ஆஃப் செய்து வைத்திருக்கிறீர்களா? எப்படிச் சமாளிக்கிறீர்கள்?